நெடுநாள் கதையாதிருந்த நண்பரின் வீட்டுக்குப் போதல்

யாழ்ப்பாணத்திலிருந்து புலம்பெயர்ந்த ஒருவர் பல ஆண்டுகளுக்குப் பின் ஊர் திரும்பும்போது உறவினர் வீடுகளுக்குப் போவது அவருக்குப் பெரிய சிக்கலாக இருப்பதில்லை. கலியாணமும் செத்தவீடும் அந்தத் தொடர்பை ஏதோ ஒரு வகையில் பிடித்து வைத்திருக்கும். கூடப் படித்த, ஒரே ஒழுங்கையில் வளர்ந்த நண்பரின் படலையைத் தட்டுவதுதான் கடினம். அந்த நட்பைக் காத்துத் தர எந்தச் சடங்கும் கிடையாது. இரண்டு பேரில் ஒருவர் எழும்பி நடந்தால்தான் அது மறுபடி தொடங்கும், நடக்கவேண்டியவர் பெரும்பாலும் வெளியே போனவரே.

இந்தப் பேசாமை எப்படி வந்தது என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். 1990க்குப் பின் குடாநாட்டில் பல ஆண்டுகள் மின்சாரம் இல்லை. தொலைபேசியும் இல்லை, கடிதம் எப்போது போய்ச் சேரும் என்பதும் தெரியாது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் தென்மராட்சிப் பக்கம் இடம்பெயர்ந்தபோது, வெளிநாட்டில் இருந்தவர்களின் கையில் இருந்த முகவரிகள் எல்லாம் வெறும் எழுத்தாகிப் போயின. அக்காலத்து மௌனத்துக்கு எவரும் பொறுப்பில்லை. ஊரில் இருந்தவர்களும் அதை ஒரு குறையாகச் சொல்வது அரிது.

குறை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. 2002இல் போர்நிறுத்தம் வந்து ஏ-9 வீதி திறந்தபோது வெளிநாட்டில் இருந்தவர்கள் கூட்டமாக வந்து போனார்கள். 2006இல் வீதி மறுபடி மூடப்பட்டது. போர் முடிந்து, 2014இல் யாழ்தேவி திரும்ப யாழ்ப்பாணம் வரைக்கும் ஓடத் தொடங்கிய பின் அந்த வரவு இன்னும் கூடியது. வரமுடியாமல் இருந்த காலத்தை ஊர் மன்னித்துவிடும். வந்தும் வீட்டை வராமல் போனதை அவ்வளவு எளிதில் மறக்காது. யாழ்ப்பாணத்தில் ஒரு உறவு இருக்கிறதா இல்லையா என்பதை நன்மை தின்மைக்குப் போக்குவரவு உண்டா என்பதை வைத்தே அளப்பார்கள். நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து நின்றவர் இரண்டு மைல் தள்ளி இருக்கும் நண்பரின் தாயின் துக்கத்தை விசாரிக்கவில்லை என்றால், அந்தச் செய்தி அன்று பின்னேரமே நண்பரின் வீட்டுக்குப் போய்விடும்.

திரும்பி வருபவர்கள் இதைப் பெரும்பாலும் வேறுவிதமாக விளங்கிக் கொள்கிறார்கள். தாங்கள் காசு அனுப்பாததுதான் நண்பரின் மனக்குறை என்று நினைத்து, முதல் சந்திப்பிலேயே ஒரு உறையை நீட்டுகிறார்கள். வாங்கினால் வாங்கியவர் கீழே போகிறார், மறுத்தால் கதை அங்கேயே நின்றுவிடுகிறது. உதவி தேவைப்படும் வீடாக இருந்தாலும் அது முதல் நாளுக்கு உரியதல்ல.

ஒருவரின் நிலையை எடுத்துக்கொள்ளலாம். 1988இல் கோண்டாவிலில் இருந்து கனடாவுக்குப் போனவர். அவருடைய நண்பர் ஊரிலேயே இருந்தார். 1995 இடப்பெயர்வின்போது நண்பரின் தாய் தென்மராட்சியில் காலமானார். செய்தி பல மாதம் கழித்துக் கனடாவுக்கு எட்டியது. என்ன எழுதுவது என்று தெரியாமல் அவர் ஒன்றும் எழுதவில்லை. 2003இல் ஊருக்கு வந்தார், எழுதாமல் விட்ட கூச்சத்தால் நண்பரின் வீட்டுப் பக்கம் போகாமலே திரும்பினார். அடுத்த வரவு 2016இல்.

இந்த முறை அவர் செய்தவற்றில் மூன்று காரியங்கள் சரியானவை. தொலைபேசியில் கூப்பிட்டு வேறிடத்துக்கு வரச் சொல்லாமல், இருவருக்கும் தெரிந்த ஒரு அண்ணை மூலம் "நாளைக்குப் பின்னேரம் வாறன்" என்று சொல்லியனுப்பினார். எதிர்பாராமல் வாசலில் போய் நிற்பது அந்த வீட்டைத் தடுமாற வைக்கும். சொல்லியனுப்பினால், வேண்டாம் என்று நினைத்தால் அன்று வீட்டில் இல்லாமல் இருக்கும் உரிமை நண்பருக்குக் கிடைக்கிறது. இரண்டாவது, பிள்ளைகளையும் கமெராவையும் விட்டுவிட்டுத் தனியே போனார். மூன்றாவது, தன் பயணத்தையும் கனடாவையும் பற்றி ஒரு சொல்லும் எடுக்காமல், சுவரில் இருந்த தாயின் படத்தைப் பார்த்து, "அம்மான்ரை கடைசி நேரம் எப்பிடி இருந்தது?" என்று கேட்டார்.

வரவேற்பு என்னவோ குளிர்ந்ததுதான். "வாங்கோ, இருங்கோ" என்றார் நண்பர். பள்ளிக்கூடத்தில் "டா" போட்டுக் கூப்பிட்டவர் "வாங்கோ" என்பது மரியாதை அல்ல, தூரம். கடைக்கு ஆள் அனுப்பி வாங்கிய சோடாவும் பிஸ்கற்றும் வந்தன. அதுவும் விருந்தாளிக்கு உரியது, நண்பனுக்கு உரியதல்ல. ஆனால் தாயின் கடைசி நாட்களைப் பற்றிக் கேட்டதும் நண்பர் நெடுநேரம் சொன்னார்: மழை பெய்த இரவில் நடந்தது, மருந்து கிடைக்காதது, பிறத்தியார் காணியில் நெருப்பு வைத்தது. வந்தவர் குறுக்கிடவில்லை. முடிந்த பிறகு, "2003இலை வந்தனான். இங்கை வரேல்லை. அது பிழை" என்றார். "கேள்விப்பட்டனாங்கள்" என்று மட்டும் பதில் வந்தது. சமாதானமான சொல் ஒன்றும் அன்று சொல்லப்படவில்லை.

இந்த இடத்தில்தான் பலர் தவறிவிடுகிறார்கள். காரணங்களை அடுக்கத் தொடங்குகிறார்கள்: வேலை, குளிர், கடன், விசா. இவை எல்லாம் உண்மை. ஆனாலும் இடம்பெயர்ந்து நடந்த கதையைச் சொல்லி முடித்த ஒருவரின் முன்னால் அவற்றை வைத்தால், யார் கூடக் கஷ்டப்பட்டது என்ற போட்டியாக அது மாறிவிடும். "நீயும் அப்பவே வெளிக்கிட்டிருக்கலாம்" என்ற சொல் அதைவிடக் கெடுதல். இருந்தவரின் வாழ்க்கை முழுவதையும் ஒரு பிழையான முடிவாக அது ஆக்கிவிடுகிறது.

நட்பு மீண்டதா என்பது முதல் சந்திப்பில் தெரியாது. நண்பர் திரும்பி வருகிறாரா என்பதே அதைக் காட்டும். மேலே சொன்ன நண்பர் நாலைந்து நாள் கழித்து, வந்தவர் தங்கியிருந்த தமக்கை வீட்டுக்கு ஒரு கட்டு முருங்கைக்காயோடு மோட்டார் சைக்கிளில் வந்தார். "என்ன மச்சான், எப்ப திரும்பிப் போறாய்?" என்றார். "வாங்கோ" போய் "போறாய்" வந்துவிட்டது. அடுத்த முறை போனபோது சோடா இல்லை, வீட்டுத் தேத்தண்ணியே வந்தது. நண்பர் திருப்பி வராவிட்டால், புறப்படுமுன் இன்னொரு முறை போய் விடைபெறலாம். அதற்கும் அசைவில்லை என்றால் வற்புறுத்தக்கூடாது. சில வீடுகளில் இழப்பு அவ்வளவு பெரியது, வெளியே போனவரின் முகமே அதை நினைவூட்டும்.

மீண்ட நட்பு கெடுவது பெரும்பாலும் விமானம் ஏறிய பிறகுதான். ஊரில் உள்ளவர் கூப்பிட்டால் செலவுக்கோ உதவிக்கோ என்று நினைத்துவிடுவார்கள் என்ற தயக்கம் அவருக்கு உண்டு. ஆகவே அழைக்கவேண்டியவர் போனவர்தான். ரொறன்ரோவில் கோடையில் இரவு எட்டரை மணி என்றால் யாழ்ப்பாணத்தில் விடியற்காலை ஆறு மணி, முற்றம் கூட்டித் தேத்தண்ணி குடிக்கும் நேரம், கதைக்க வசதியானது. வாட்ஸப்பில் தினமும் வரும் காலை வணக்கப் படங்கள் ஒரு அழைப்புக்கு ஈடாகாது. தாயின் திவசம் எந்தத் திதியில் வருகிறது என்று கேட்டு எழுதி வைத்து, அன்று எடுக்கும் ஒரு அழைப்பு வருடம் முழுவதற்கும் போதும். பிள்ளையின் படிப்புக்கோ வைத்தியத்துக்கோ உதவ விரும்பினால் அதற்குரிய காலம் இதன் பிறகுதான் வருகிறது. அப்போது அது நன்மை தின்மைக்குச் செய்வதாகவே கொள்ளப்படும், வாங்குபவருக்கும் கூச்சம் இராது.

ஊருக்குப் போக ரிக்கற் எடுத்திருப்பவர்கள், கோவில்களையும் உறவினர் வீடுகளையும் எழுதும் பட்டியலில் இப்படிப்பட்ட ஒரு வீட்டையும் முதல் வாரத்திலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும். கடைசி நாளுக்குத் தள்ளி வைத்தால், நண்பர் திருப்பி வருவதற்கு நாள் இருக்காது.