நின்ற பிறகும் எழுதவேண்டிய கணக்கு

பங்குகளை எப்ப வாங்கிறது, எப்ப விக்கிறது எண்டு விதிப்படி சொல்லுற சின்ன நிரல் ஒன்றை, ஒரு இலட்சம் ரூபாய் சேமிப்பில் ஓடவிட்டிருந்தேன். அதுக்கு ஒரு கடிவாளமும் போட்டேன். கணக்கு மீதி, கடைசி 50 வியாபாரங்களின் சராசரி மீதிக்குக் கீழே போனால் நிரல் நிற்கும். மேலே வந்தால் திரும்ப ஓடும்.

சராசரி 103,000 ஆக இருக்கையில் மீதி 101,000க்கு இறங்கியது. நிரல் நின்றது. பிறகு ஓடவேயில்லை.

காரணம் விளங்க இரண்டு கிழமை எடுத்தது. வியாபாரம் நடக்காவிட்டால் மீதி அசையாது, சராசரியும் அசையாது. சாவியை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டின மாதிரி.

“காசு போடாட்டியும் கொப்பியில எழுது மச்சான்” எண்டான் அறைத்தோழன். அதுதான் வழி. தவறவிட்டவற்றைப் பழைய விலைகளிலிருந்து கணக்கிட்டு, நிரல் சொன்ன ஒவ்வொரு வியாபாரத்தையும் நடந்ததாகவே எழுதினேன். சராசரியோடு ஒப்பிடவேண்டியது இந்த நிழல் கணக்கைத்தான். அது 96,000 வரை விழுந்து, 99,500க்கு ஏறி, அதற்குள் இறங்கியிருந்த சராசரியைத் தாண்டியபோது மீண்டும் தொடங்கினேன். தப்பியது 5,000 அல்ல, 1,500 ரூபாய்தான். ஏற்றத்தின் முதற்பகுதி எனக்குக் கிடைக்கவில்லை.

அடுத்தமுறை நிறுத்தின கையோடு வந்த வியாபாரமே 3,000 லாபம். நிழலுக்கு.

இப்ப பழைய பதிவுகளை எண்ணுகிறேன்: ஒரு நட்டத்துக்குப் பிறகு இன்னொரு நட்டம் வழமையைவிட அடிக்கடி வருதா? வந்தால் இந்த நிறுத்தம் உதவும். காசு சுண்டினமாதிரி மாறிமாறி வந்தால், பணம் சந்தையில் நிற்கும் நேரம் குறையும்; ஒவ்வொரு வியாபாரத்தின் பலனும் கூடாது.