மலையேறும் கட்டை

விடைத்தாள் கட்டு ஒவ்வொன்றிலும் ஒரு கட்டையாவது யாரும் தள்ளாமலே மலையேறிவிடுகிறது. கேள்வி சாதாரணமானதுதான். 2 கிலோ கட்டை ஒன்று, 30 டிகிரி சாய்ந்த பலகையில் அசையாமல் இருக்கிறது. விசைகளை வரைந்து காட்ட வேண்டும்.

பையன் எடையை நேர்கீழே 20 நியூட்டன் என்று போடுகிறான். சரி. பலகையின் எதிர்விசையையும் நேர்மேலே 20 என்று நிறுத்திவிடுகிறான். சரிவின் மேல்நோக்கி உராய்வு 10. இருபதும் இருபதும் கழிந்தால் மிச்சம் உராய்வு ஒன்றுதானே? அப்புறம் கட்டை ஏறாமல் என்ன செய்யும்!

எதிர்விசை பலகைக்குச் செங்குத்தானது, அளவு 17.3. அந்த அம்புக்கு மதிப்பெண்ணைக் குறைப்பேன். தவறான இருபதை வைத்தே மேற்கொண்டு ஒழுங்காகக் கணக்குப் போட்டிருந்தால் மறுபடி கை வைப்பதில்லை. ஒரு குற்றத்துக்கு இரண்டு தண்டனையா?

உராய்வு சங்கதி வேறு. சரிவோடு மேல்நோக்கி 15 நியூட்டனில் கயிறு கட்டி இழுத்தும் கட்டை அசையவில்லை என்றால், உராய்வு 5, கீழ்நோக்கி. உருப்போட்டவர்கள் அப்போதும் அதை மேலேதான் வரைகிறார்கள். ஒரு பெண் மட்டும் ஓரத்தில், "உராய்வே இல்லாவிட்டால் எந்தப் பக்கம் நகரும்?" என்று பென்சிலால் கிறுக்கி, அதற்கு எதிர்ப்பக்கம் அம்பு போட்டிருந்தாள்.