எந்த மூட்டை என்று நான் எழுதவில்லை

குத்தாலம் சுற்றுவட்டாரத்தில் சம்பா அறுப்பு முடிந்ததும் விவசாயிகளிடம் கண்டுமுதல் விசாரித்து ஒரு தரவுத் தொகுப்பு உண்டாக்கினேன். மற்ற ஆய்வாளர்கள் எடுத்துப் பயன்படுத்துவதற்காக அதைப் பற்றி ஒரு தரவுக் கட்டுரையும் எழுதினேன். அப்படிப்பட்ட கட்டுரையில் முடிவு எதுவும் சொல்வதில்லை. எண்கள் எங்கிருந்து வந்தன, எப்படிக் கேட்டோம், எந்த இடத்தில் நம்பக் கூடாது என்பதுதான் அதன் சரக்கு. நான் தவறியது அங்கேதான்.

“விளைச்சல் கிலோவில் அளக்கப்பட்டது” என்று எழுதினேன். நான் அளக்கவே இல்லை. அளப்பதென்றால் வயலில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரம் கட்டி, அறுத்து, அடித்து, எடை போட வேண்டும். நான் கேட்டது வாய்ப்பேச்சாக, மாவுக்கு எத்தனை மூட்டை என்று. மூன்று மா ஒரு ஏக்கர். வந்த பதிலையெல்லாம் 60 கிலோவால் பெருக்கினேன்.

ஒரு பெரியவர் திருப்பிக் கேட்டார்: “எந்த மூட்டை தம்பி? யாவாரி மூட்டையா, சென்டர் சிப்பமா?” வியாபாரி மூட்டை ஏறக்குறைய 60 கிலோ. அரசு கொள்முதல் நிலையத்துச் சிப்பம் 40 கிலோ. பேச்சில் இரண்டும் மூட்டைதான். அவர் வரியை மட்டும் திருத்திக்கொண்டேன். முன்பு கேட்ட வீடுகளுக்குத் திரும்பப் போகவில்லை. போனால் பாதி வேலையை மறுபடி செய்ய வேண்டும் என்று தெரியும். வரம்புகள் என்ற பகுதியில் இதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. தரவில் மூட்டைக் கணக்கு இருந்த நெடுவரிசையையும் நீக்கிவிட்டு, கிலோவை மட்டும் வெளியிட்டேன்.

தரவை எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வாளர் கண்டுபிடித்துவிட்டார். ஒரே வாய்க்கால், ஒரே ரகம். ஒரு வயல் ஏக்கருக்கு 1800 கிலோ, பக்கத்து வயல் 2700. சரியாக ஒன்றரை மடங்கு. வரைபடத்தில் இரண்டு திமில்கள் எழுந்திருந்தன. சிப்பத்தை நினைத்து மாவுக்கு 15 என்று சொன்னதை 15 வியாபாரி மூட்டை என்று நான் பதிந்ததன் விளைவு அது.

அதிகமாகத் தெரிபவற்றையெல்லாம் 60-க்குப் பதில் 40-ஆல் பெருக்கிவிடலாமே என்று முதலில் தோன்றியது. உண்மையிலேயே நன்றாக விளைந்த வயலையும் அது வெட்டிவிடும். குறிப்பேட்டில் நெல்லை எங்கே போட்டார்கள் என்று எழுதியிருந்த வரிகளை மட்டும் திருத்தினேன். மற்றவற்றை வெற்றிடமாக விட்டு, ஏன் என்றும் எழுதினேன். இப்போது ஒரு வரி இப்படி இருக்கிறது:

```
plot_id,qty_per_maa,unit,kg_per_unit,kg_per_acre
17,15,sippam,40,1800
```

சொன்னது, அலகு, பெருக்கியது மூன்றும் கண்ணெதிரே நிற்கின்றன. அறுப்பு ஈரத்தில் எடையா, காய்ந்த பிறகா என்று நான் கேட்கவே இல்லை. அதையும் வரம்புகளில் சேர்த்தேன். பழைய பதிப்பை இறக்கி வைத்திருப்பவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. அவர்கள் கணக்கில் அந்த 2700 இன்னும் இருக்கும்.