சூடிய மாலைக்கு ஒரு வரி

ராஜபாளையம் பஞ்சாலைகளுக்கு வேலையாக வரும் வெளியூர்க்காரர்களும் வெளிநாட்டவரும் ஞாயிற்றுக்கிழமையானால் பக்கத்தில் இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அவர்கள் கையில் கொடுப்பதற்காக ஆண்டாள் கோயிலைப் பற்றித் தமிழில் எழுதிய மடிப்புத்தாள் ஒன்றை ஆங்கிலமாக்கும் வேலை என்னிடம் வந்தது. வீட்டில் எழுதி முடித்ததும் தாளோடு கோயிலுக்கே போய், ஒவ்வோர் இடத்திலும் நின்று படித்துப் பார்த்தோம். உடன் வந்தவர் அந்த ஊர்ப் பள்ளி ஆசிரியை ஒருவர்.

இடறியது கண்ணாடிக் கிணற்றில்தான். துளசி வனத்தில் பெரியாழ்வார் கண்டெடுத்து வளர்த்த கோதை, வடபத்ரசாயிக்கென்று அவர் கட்டிவைத்த மாலையைத் தான் சூடி, இந்தக் கிணற்று நீரில் அழகு பார்த்தாள்; அதைக் கண்ட தந்தை பதறிப்போனார். மூலத்தில் இவ்வளவுதான். நானும் ஒரு சொல் குறையாமல் எழுதியிருந்தேன். ஆலையில் இயந்திரம் பொருத்த வந்திருந்த ஜெர்மானியர் ஒருவர் படித்துவிட்டு, “பெண்ணுக்கு மாலை பிடித்தது, போட்டுப் பார்த்தாள். அப்பா ஏன் பதறினார்?” என்றார்.

தமிழ் வாசகருக்கு இந்தக் கேள்வியே எழாது. சாமிக்குத் தொடுக்கும் பூவை முகர்ந்துகூடப் பார்க்கக் கூடாது என்று சொல்லித்தான் நம் வீடுகளில் பிள்ளைகளை வளர்க்கிறோம். அதனால் மூலத்தை எழுதியவர் அதைச் சொல்லவில்லை. ஆனால் கதையே அந்த விதியின் மேல்தான் நிற்கிறது. அது தெரியாதவருக்கு, மாலையைப் போட்டுப் பார்த்த ஒரு சிறுமியின் ஆசை மட்டும்தான் மிஞ்சும்.

சரி, விளக்கிவிடலாம் என்று ஆழ்வார்கள் பன்னிருவர், நாலாயிரத் திவ்வியப் பிரபந்தம், 108 திவ்விய தேசங்கள் எல்லாவற்றையும் சேர்த்தோம். பத்தி மூன்று மடங்கானது. கிணற்றருகே அதைப் படிக்கக் கொடுத்தபோது, எல்லாரும் தாளைப் பார்த்தார்களே தவிரக் கிணற்றைப் பார்க்கவில்லை. பின்னால் கூட்டம் நகர்ந்துகொண்டே இருக்கும் இடம் அது. நின்று படிக்கக் கிடைப்பது அரை நிமிடம்.

“இந்த வரி இல்லாவிட்டால், இங்கே நிற்கிறவர் கண்ணுக்கு எது தப்பிப்போகும்?” என்று ஆசிரியை ஒவ்வொரு வாக்கியமாகக் கேட்டுக்கொண்டே வந்தார். பதில் இல்லாதவற்றை அடித்தோம். மிஞ்சியது ஒரு வரி: இறைவனுக்கென்று கட்டிய மாலையை முதலில் மனிதர் ஒருவர் சூடிவிட்டால் அது பூசைக்கு ஆகாது. அதைக் கதைக்கு முன்னால் வைத்தோம். பெரியாழ்வார் வேறு மாலை கட்டிச் சாத்தியதும், இறைவன் கனவில் வந்து அவள் சூடியதே வேண்டும் என்று கேட்டதும், இப்போது தாமே விளங்கின. புரட்டாசியில் திருப்பதி கருட சேவைக்கும், சித்திரையில் மதுரை கள்ளழகருக்கும் ஆண்டாள் சூடிக் களைந்த மாலை இங்கிருந்து போவதற்கும் தனி விளக்கம் தேவைப்படவில்லை.

கருவறையில் இதே சிக்கல் வேறு விதமாக வந்தது. ஆண்டாள், ரங்கமன்னாரோடு கருடாழ்வாரும் கூடவே நிற்கிறார். பெருமாள் கோயில்களுக்குப் போய்ப் பழகியவருக்கு இது வியப்பு; முதல் தடவை வருகிறவருக்கு மூன்று திருமேனிகள், அவ்வளவே. வழக்கமாகக் கருடன் சந்நிதிக்கு எதிரே நின்று பெருமாளைச் சேவிப்பார் என்பதை முதலில் அரை வரியில் சொன்ன பிறகுதான், இங்கே பக்கத்தில் நிற்கிறார் என்ற செய்திக்கு மதிப்பு வந்தது.

ஆண்டாளின் இடக்கையிலுள்ள கிளியைப் பற்றிக் கிளித் தூது, சுகப்பிரம்ம முனிவர் என்று நிறைய எழுதிவைத்திருந்தோம். கோயில் கைங்கரியத்தில் இருக்கும் பெரியவர் ஒருவர் கேட்டுவிட்டு, “அதெல்லாம் அப்புறம் இருக்கட்டும் தம்பி. எதுல செஞ்சதுன்னு போட்டீங்களா?” என்றார். போடவில்லை. மாதுளம்பூ மூக்கு, மரவள்ளி இலை உடல், நந்தியாவட்டை இலையும் பனையோலையும் சிறகு, அரளி மொட்டு வால், காக்காப்பொன் கண், கட்டுவதற்கு வாழைநார். இப்படி அன்றாடம் புதிதாகக் கட்டப்படுவது. அதைச் சொன்ன பிறகு வேறு விளக்கத்துக்கு அங்கே வேலை இல்லை.

‘என்பது ஐதீகம்’ என்பதை முதல் வரைவில் வரிக்கு வரி எழுதியிருந்தேன். ஆங்கிலத்தில் அது அடுத்தடுத்து வந்தபோது, சொல்கிறவருக்கே நம்பிக்கையில்லாதது போல ஒலித்தது. கோயில் மரபு சொல்லும் வரலாறு இது என்று தொடக்கத்தில் ஒரு தடவை எழுதிவிட்டு, கதையைக் கதையாகவே விட்டோம். அதே சமயம் ஆண்டாளின் காலத்தை மரபும் வரலாற்றாசிரியர்களும் வேறு வேறாகக் கணிப்பதை ஓரிடத்தில் வெளிப்படையாகச் சொன்னோம்.

திருப்பாவையை என்ன செய்வது என்பதில்தான் இருவருக்கும் நெடுநேரம் ஒத்துவரவில்லை. 30 பாசுரங்களின் சாரத்தையாவது தர வேண்டும் என்றார் ஆசிரியை. பாவை நோன்பு, ஆயர்பாடி, கண்ணன் என்று அது நீண்டுகொண்டே போகும் என்பது என் கவலை. கடைசியில் ஆண்டு முழுவதும் கொடுக்கும் தாளில் அது மார்கழியில் பாடப்படுவது என்று ஒரே வரி. மார்கழிக்கு மட்டும் தனியாக ஒரு சிறு தாள். அந்த விடியற்காலைகளில் வருகிறவர் காதில் பாட்டு விழும், அவருக்கு அது தேவைப்படும். ஆடிப்பூரத் தேருக்கும் அப்படியே ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறோம்.