ரோஸ் மில்க் ஃபலூடாவும் என் ஆய்வுத் துறையும்

ஹைதராபாத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் எனக்கு ஜெல்களே ஆய்வுப் பொருள். நீரை உறிஞ்சி உப்பும் நீள் மூலக்கூறுகளைப் பற்றி நான்காண்டுகளாக எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்தத் தகுதியோடுதான் சென்ற ரம்ஜானில் ஆறு கண்ணாடிக் குவளை ஃபலூடாவைக் கெடுத்தேன்.

எங்கள் ஆய்வகத் தோழி மும்பையைச் சேர்ந்தவர். தந்தை மறைந்தபின் வந்த முதல் ரம்ஜான் அது. ஆய்வேட்டின் காலக்கெடு நெருங்கியிருந்ததால் அவரால் ஊருக்குப் போக முடியவில்லை. வீட்டில் நோன்பு திறக்கும் வேளையில் தந்தையின் கையால் ரோஸ் மில்க் ஃபலூடா கிடைக்கும் என்று ஒருமுறை சொல்லியிருந்தார். அதைச் செய்து தருவதாக நானே முந்திக்கொண்டு வாக்களித்தேன்.

சப்ஜா, அதாவது திருநீற்றுப்பச்சிலை விதை, இரண்டு தேக்கரண்டி எடுத்தேன். சுவை ஏறட்டுமே என்று அரைக் குவளை ரோஸ் மில்க்கில் அதை ஒரே வீச்சில் கொட்டி மூடிவைத்தேன். கோதுமைச் சேமியாவை வேகவைத்து, வடிதட்டிலேயே அரைமணி நேரம் விட்டுவிட்டேன். திறந்து பார்த்தபோது சப்ஜா ஒரே உருண்டையாகக் கிடந்தது. பிளந்தால் உள்ளே விதைகள் காய்ந்தபடியே இருந்தன. சேமியா தட்டின் வடிவில் அடையாகியிருந்தது. தோழி இரண்டு வாய் குடித்துவிட்டு, பசியில்லை என்றார். அவர் பொய் சொல்லத் தெரியாதவர்.

மறுநாள் அவருடைய தாயாரைத் தொலைபேசியில் அழைத்தேன். நான் சொல்லி முடிக்கும் முன்பே, "தண்ணீர் எவ்வளவு ஊற்றினாய், மகனே?" என்று கேட்டார். கேள்வி அவ்வளவுதான். விடை என் துறையில் இருந்தது.

சப்ஜா விதையின் மேலுறையில் இருக்கும் பசைப்பொருள் நீர் பட்ட சில நொடிகளிலேயே உப்பத் தொடங்குகிறது. விதைகள் குவியலாக விழுந்தால் வெளி வரிசை முதலில் உப்பி ஒன்றோடொன்று இணைந்து ஒரு சுவராகிவிடும். உள்ளே இருப்பவற்றுக்கு நீர் போய்ச் சேராது. சர்க்கரை கலந்த பாலிலோ நிலைமை இன்னும் மோசம், ஏனெனில் சர்க்கரையும் அதே நீருக்குப் போட்டியிடுகிறது. எனவே இரண்டு தேக்கரண்டி விதைக்கு இரண்டு குவளை வெறும் நீர் வேண்டும். விதையைக் கொட்டாமல் தூவ வேண்டும். முதல் இரண்டு நிமிடங்கள் முள்கரண்டியால் கலக்கியபடி இருக்க வேண்டும். பிறகு இருபது நிமிடம் விட்டால் போதும். நடுவில் ஒரு கரும்புள்ளி, சுற்றிலும் சாம்பல் நிறக் கண்ணாடி வளையம் என்று ஒவ்வொரு விதையும் தனியே மிதந்தால் பதம் சரி. அவற்றை வடித்து, பரிமாறும் முன் ஒரு கரண்டி ரோஸ் மில்க்கில் தளர்த்திக்கொள்ளலாம். சுவை அப்போது ஏறினால் போதும்.

சேமியாவில் ஒட்டுவது மாவுச்சத்து. கொதிநீரில் அது கசிந்து இழைகளின் மேல் படிகிறது. ஆறும்போது பசையாக இறுகுகிறது. ஃபலூடாவுக்கென்றே விற்கும் சோளமாவு இழைகளுக்கும் இதுவே விதி. ஆகவே தாராளமான கொதிநீரில், இழையின் நடுவே தெரியும் வெண்கோடு மறையும்வரை மட்டும் வேகவைத்து, குளிர்நீரில் அலசி, பனிக்கட்டி மிதக்கும் நீரிலேயே விட்டுவைக்க வேண்டும். "காய்ந்தால்தான் ஒட்டும், கடைசி நிமிடத்தில் வடி" என்றார் அந்தத் தாயார். ஒட்டாமலிருக்க நெய் தடவலாமா என்று கேட்டேன். பாயசத்துக்குச் சரிதான், குளிர்ந்த பாலில் நெய் உறைந்து நாக்கில் மெழுகாகப் படியும் என்று சிரித்தார்.

அடுக்குவதில் பெரிய மர்மம் இல்லை. அடர்த்தி மிக்கது அடியில் நிற்கும். ஒன்றரை மேசைக்கரண்டி ரோஸ் பாகு, அதன்மேல் இரண்டு கரண்டி சப்ஜா, பிறகு வடித்த சேமியா. ஒரு லிட்டர் பாலை முக்கால் லிட்டராகச் சுண்டவைத்து, நன்கு குளிர்ந்தபின் சிறிது பாகு கலந்துகொள்ள வேண்டும். சூடான பாலில் பாகை ஊற்றினால், அதில் சிட்ரிக் அமிலம் இருக்கும்பட்சத்தில் பால் திரிந்துவிடக்கூடும். அந்தப் பாலைக் கரண்டியின் முதுகில் வழியவிட்டுக் குவளையின் சுவரோடு இறக்கினால் அடியிலுள்ள பாகு கலங்காது. உயரத்திலிருந்து ஊற்றினால் நான் முதல்நாள் கண்ட இளஞ்சிவப்புக் குழம்பல்தான். உச்சியில் ஒரு உருண்டை ஐஸ்கிரீம். அடுக்குகள் நெடுநேரம் நில்லா. செய்த உடனே கொடுத்துவிட வேண்டும்.

நோன்பின் கடைசி வாரத்தில் மறுபடியும் செய்தேன். தோழி கரண்டியை அடிவரை விட்டு, விதைகள் ஒவ்வொன்றாக மேலேறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்பா இன்னும் கொஞ்சம் பாகு அதிகம் விடுவார்" என்று சொல்லிக் குவளையை நீட்டினார். விட்டேன்.