ஆணமா, குழம்பா?

சிங்கப்பூரில் 1987 முதல் எல்லாப் பள்ளிகளுக்கும் ஆங்கிலமே முதன்மைப் பயிற்றுமொழி. தமிழ் ஒரு பாடம். அப்பாடத்தில் பேச்சுத்தமிழுக்கும் இடம் வேண்டுமென 2005இல் நடந்த பாடத்திட்ட மறுஆய்வு பரிந்துரைத்தது. எனினும் அது கருதியது பொதுப் பேச்சுத்தமிழை. நம் வீட்டுச் சொற்களை அன்று.

அங்குப் பயிலும் என் பேரன், விடுமுறையில் எங்கள் வில்பட்டி வீட்டில் இப்படி எழுதினான்:

நன்னி ஊற்றுவது ஆணம்,
பாடநூல் சொல்வது குழம்பு,
பள்ளித் தோழர்க்கு அது கறி.
சுவை ஒன்றுதான் என் நாவில்;
எதைச் சொல்லிக் கேட்பேன் இன்னும் கொஞ்சம்?

கவனியுங்கள்! இழுபறி இரு மொழிகளுக்கிடையே மட்டுமன்று, தமிழுக்குள்ளேயே இருக்கிறது. ‘ஆணம்’ பாடநூலில் இல்லாமையால் அதைக் கொச்சையென்று எண்ணி அவன் கூசினான். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் அகராதியை விரித்துக் காட்டினேன். குழம்பு என்னும் பொருளோடு அச்சொல் அங்கே இருந்தது. இருமுறை படித்தான்.

உங்கள் பேரப்பிள்ளை பெயர் சொல்லாமல் ‘அது’ என்று விரலால் சுட்டத் தொடங்கினால், அக்கூச்சம் வந்துவிட்டதென அறியலாம். அப்போது வீட்டுச்சொல்லைத் திருத்தாதீர்கள். பள்ளிச்சொல்லின் அருகிலேயே அதையும் எழுதிக்கொடுங்கள். தேர்வில் எது, நன்னியிடம் எது என்பதைப் பிள்ளையே பிரித்தறியும்.