மழை நாளில் மூக்குக்கு ஒரு வேலை

ஜூன், ஜூலை மாதங்களில் எனக்கு வரும் கேள்விகளில் பாதி தேயிலைக் கொப்புள நோயைப் பற்றியதாக இருக்கும். மீதியில் இரண்டு மூன்று நாயைப் பற்றி வந்துவிடும். நான் வேளாண்மை படித்தவன், கால்நடை மருத்துவர் அல்ல. ஆனாலும் தோட்டத்துக்கு வரும் அலுவலரிடம் எதையும் கேட்கலாம் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். நாய் வளர்ப்பவன் என்பதால் எனக்கும் பதில் சொல்லாமல் இருக்க முடிவதில்லை.

போன ஆனி மாதம் மஞ்சூருக்குக் கீழே ஒரு ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் அம்மா ஒருவர் கேட்டது இது: "சார், மழை பிடிச்சு ஒன்பது நாளாச்சு. மணி வீட்டுக்குள்ளேயே கிடக்கான். செருப்பு ரெண்டு ஜோடி போச்சு, கதவோட அடிக்கட்டையைச் சுரண்டிட்டான், ராத்திரி பகல்னு இல்லாம குரைக்கிறான். மாட்டுக் கொட்டகையில கட்டிடலாம்னு வீட்டுக்காரர் சொல்றார். கட்டலாமா?"

கட்டக் கூடாது என்று உடனே சொன்னேன். எங்கள் பகுதியில் இரவில் வெளியே கட்டிய நாய் சிறுத்தைக்குச் சுலபமான இரை. கட்டிப்போட்டிருந்தால் ஓடவும் முடியாது. அதற்காக அவர் சொன்ன தொந்தரவும் பொய்யில்லை. குந்தா பக்கத்து மழை எப்படிப்பட்டது என்று தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2019 ஆகஸ்ட் 8 அன்று பதிவான கணக்குப்படி, எங்களுக்குப் பக்கத்தில் உள்ள அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்தது. அவ்வளவு பெய்யாத ஆண்டிலும் வாரக்கணக்கில் வெளுக்காத வானம் இங்கே சாதாரணம். ஆகவே நாய் உள்ளேதான் இருக்க வேண்டும். உள்ளே இருக்கும்போது அதற்கு என்ன வேலை கொடுப்பது என்பதுதான் கேள்வி.

மணி நாட்டு நாய். நான்கு வயது, பதினான்கு கிலோ இருப்பான். வெயில் காலத்தில் காலை ஏழு மணிக்கு அந்த அம்மாவுடன் தோட்டத்துக்குப் போனால் மதியம்தான் திரும்புவான். அங்கே அவன் ஓடியது கொஞ்சம், மோந்தது அதிகம். இரவு காட்டுமாடு நின்ற இடம், முயல் போன தடம், பக்கத்துத் தோட்டத்து நாய் காலைத் தூக்கிய செடி என்று ஒவ்வொன்றையும் மூக்கால் படிப்பதுதான் அவன் நாள். வீட்டுக்குள் அடைத்ததும் அவனுக்கு நின்றுபோனது அந்தப் படிப்புதான். பந்தை எறிந்து அறைக்குள் ஓட வைத்தால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். சின்ன அறையில் அது நாயை இன்னும் கிளப்பிவிடும், சிமெண்ட் தரையில் வழுக்கிக் காலும் சுளுக்கும்.

மோப்பத்துக்கும் நாயின் மனநிலைக்கும் உள்ள தொடர்பைச் சார்லட் டுராண்டன், அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் சோதித்து 2019இல் வெளியிட்டார்கள். இருபது வீட்டு நாய்களில் ஒரு பாதிக்கு இரண்டு வாரம் தின்பண்டத்தை மோந்து தேடும் பயிற்சி. மறு பாதிக்கு எசமானின் காலோடு ஒட்டி நடக்கும் பயிற்சி. இரண்டிலும் தின்பண்டம் உண்டு. பிறகு, தீனி இருக்குமோ இருக்காதோ என்று சந்தேகப்படும் இடத்தில் ஒரு கிண்ணத்தை வைத்துப் பார்த்தார்கள். தேடப் பழகிய நாய்கள் முன்னைவிட வேகமாக, இருக்கும் என்ற நம்பிக்கையோடு போயின. மற்றவற்றில் அந்த மாற்றம் இல்லை.

அந்த அம்மாவுக்கு நான் சொல்லிக் கொடுத்த முறைக்குக் காசு செலவில்லை. எலுமிச்சை அளவு ராகிக் களி உருண்டை ஒன்று எடுத்துக்கொள்ளச் சொன்னேன். களிக்கு வாசம் குறைவு என்பதால் கோழி ஈரல் வேகவைத்த தண்ணீரில் கிண்ட வேண்டும். உப்பு, வெங்காயம், பூண்டு கூடாது. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தத்தைக் கெடுக்கும். ஆறியதும் கொண்டைக்கடலை அளவு உருட்டினால் இருபது இருபத்தைந்து வரும். ஒரு நாளைக்கு அதுவே போதும். அந்த அளவைச் சாயங்காலச் சோற்றில் குறைத்துவிட வேண்டும். குறைக்காவிட்டால் மழைக்காலம் முடியும்போது நாய் உருண்டு நிற்கும். கேரட் துண்டு, அவித்த முட்டையும் ஆகும். கருவாடு வேண்டாம், உப்பு அதிகம்.

முதல் நாள் ஒளிக்கவே கூடாது. மகன் நாயைப் பிடித்துக்கொள்ள, அது பார்க்கும்படி சுவரோரம் ஐந்து உருண்டைகளை அடிக்கொன்றாக வைத்து, "தேடு" என்று ஒரு முறை சொல்லி விட வேண்டும். இரண்டாம் நாளும் அதே. மூன்றாம் நாள் நாயை அடுத்த அறையில் விட்டுவிட்டு, கட்டில் கால், பெட்டியின் பின்புறம், கால்மிதி மடிப்பு என்று அதன் மூக்கு உயரத்துக்குள் வைக்க வேண்டும். வைத்ததும் விடாமல் ஐந்து நிமிடம் பொறுத்தால் வாசம் பரவும். உயரமான இடங்களுக்கு ஒரு வாரம் கழித்துப் போகலாம்.

நாலாம் நாள் அந்த அம்மா போன் செய்தார். "பீரோவுக்கு அடியில வச்சதை விட்டுட்டு, எதிர்ச் சுவரையே மோந்துக்கிட்டு நிக்கிறான் சார். இவனுக்கு மூக்கு மழுங்கிப் போச்சோ?" பீரோ எங்கே இருக்கிறது என்று கேட்டேன். வாசல் கதவுக்குப் பக்கத்தில். கதவடியில் வரும் குளிர்காற்று வாசத்தைத் தரையோடு தள்ளிக்கொண்டு போய் எதிர்ச் சுவரில் சேர்த்திருக்கிறது. நாய் வாசம் தேங்கிய இடத்துக்குச் சரியாகவே போயிருக்கிறது. அங்கிருந்து காற்றை எதிர்த்துப் பின்னோக்கி வர அதற்கு நேரம் தேவை. "விரலை நீட்டிக் காட்டாதீங்கம்மா, ரெண்டு நிமிஷம் சும்மா நில்லுங்க" என்றேன். காட்டிக் கொடுத்துப் பழக்கினால் அப்புறம் நாய் தரையை மோக்காது, நம் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கும். மணி ஒன்றரை நிமிடத்தில் பீரோவுக்கு வந்துவிட்டான். அடுப்பு எரியும் அறையில் சூடான காற்று வாசத்தை மேலே இழுத்துவிடும், நாய் அண்ணாந்து திணறும். தீயும் ஆபத்து. அடுப்பங்கரையை விட்டுவிடுங்கள்.

வேலை நடக்கிறதா என்பதைக் காதாலேயே தெரிந்துகொள்ளலாம். நாய் வாயை மூடிக்கொண்டு வேகவேகமாகப் புசுபுசுவென்று மோந்தால் தேடுகிறது என்று பொருள். நாக்கைத் தொங்கப்போட்டு இரைக்கும் நாயால் நன்றாக மோக்க முடியாது. சமவெளி வாசகர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கத்திரி வெயிலில் மதியம் இந்த விளையாட்டு வேண்டாம், விடியற்காலையும் இரவும்தான் நேரம். தேடும் நாய் குரைத்தாலும், சாமானைக் கடித்தாலும், கொட்டாவி விட்டு உதட்டை நக்கிக்கொண்டு விலகிப் போனாலும் அதற்குக் கஷ்டமாகிவிட்டது. ஒரு படி கீழே இறங்கிச் சுலபமான இடத்தில் ஒன்று வைத்து, அதைக் கண்டுபிடித்ததும் நிறுத்திவிட வேண்டும். ஒரு தடவைக்குப் பத்து நிமிடம், நாளைக்கு இரண்டு மூன்று தடவை. முடிந்ததும் தண்ணீர் வைத்தால் குடித்துவிட்டுப் படுத்துவிடும்.

தேடப் பழகிய பிறகு கொஞ்சம் யோசிக்க வைக்கலாம். கடையில் இதற்கென்று பிளாஸ்டிக் தட்டுகள் விற்கிறார்கள். வீட்டில் பழைய இரும்புப் பணியாரச் சட்டி இருந்தால் அதுவே போதும். நாலைந்து குழியில் மட்டும் உருண்டையைப் போட்டு, எல்லாக் குழியையும் கசக்கிய செய்தித்தாளால் மூடி வையுங்கள். எதில் இருக்கிறது என்று மோந்து, பேப்பரை எடுத்துப் போட்டுத்தான் தின்ன வேண்டும். இரும்பு கனமாக இருப்பதால் நாய் சட்டியைக் கவிழ்க்காது. மணி முதல் நாள் எல்லாப் பேப்பரையும் பிய்த்தெறிந்தான். நாலைந்து நாளில் தீனி இருக்கும் குழியை மட்டும் திறக்கக் கற்றுக்கொண்டான். பேப்பரைக் கிழித்தால் பரவாயில்லை. விழுங்கும் நாயாக இருந்தால் பேப்பரை விட்டுவிட்டுச் சிரட்டையால் மூடுங்கள். துணிக் கந்தலைச் சாக்கில் முடிந்து, அதற்குள் தீனி ஒளிக்கும் முறையும் உண்டு. எங்கள் ஊர் மழையில் அது காயாது, இரண்டே நாளில் பூஞ்சணம் பிடிக்கும். அதனால் நான் சொல்வதில்லை. தண்ணீர் பாட்டிலில் ஓட்டை போட்டுத் தருபவர்கள் மூடியையும் கழுத்து வளையத்தையும் கழற்றிவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும்.

வீட்டில் இரண்டு நாய் இருந்தால் ஒன்றை வேறு அறையில் அடைத்துவிட்டு மற்றதை விளையாட விடுங்கள். ஒற்றுமையாகத் திரியும் நாய்கள்கூட ஒளித்த தீனி என்றால் உறுமும். குழந்தைகள் ஒளித்து வைக்கலாம், நாய் கண்டுபிடித்ததைத் தொட்டுப் பார்க்கக் கூடாது.

ஒன்றை மட்டும் என் துறை சார்ந்து அழுத்திச் சொல்ல வேண்டும். உரச் சாக்கையோ மருந்து வந்த அட்டைப் பெட்டியையோ இந்த விளையாட்டுக்கு எடுக்காதீர்கள். மழைக்கு ஒதுக்கி உரமூட்டைகளையும் நாயையும் ஒரே அறையில் வைப்பது எங்கள் பக்கம் சாதாரணம். அதில் ஆமணக்குப் பிண்ணாக்கு மூட்டை இருந்தால் ஆபத்து. எலும்புத்தூள் கலந்திருந்தால் அந்த வாசத்துக்கே நாய் தின்னும். ஆமணக்கு விதையில் உள்ள ரிசின் என்ற நஞ்சு பிண்ணாக்கிலும் தங்கியிருக்கும். தின்ற உடனே எதுவும் தெரியாது. சில மணி நேரம் கழித்தோ மறுநாளோ வாந்தி, ரத்தக் கழிச்சல், துவண்டு படுத்தல் வரும். இதற்கு முறிவு மருந்து கிடையாது. தின்றது தெரிந்ததும், அறிகுறிக்குக் காத்திராமல், சாக்கின் மேலுள்ள சீட்டோடு கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். உப்புத் தண்ணீர் புகட்டி வாந்தி எடுக்க வைப்பது கூடாது. நத்தைக்குப் போடும் மெட்டால்டிஹைடு குருணையும் இப்படித்தான், நாய்க்கு வலிப்பு வரவைத்துக் கொல்லும். தேடச் சொல்லிப் பழக்கிய நாய் முன்னைவிட மும்முரமாக மூலைமுடுக்கெல்லாம் தேடும். ஆகவே முதல் உருண்டையை ஒளிப்பதற்கு முன்னால் மூட்டைகளை வேறு அறையில் பூட்டுங்கள். மணி வீட்டில் முதல் நாள் செய்த வேலை அதுதான். இரண்டு மூட்டை பரண் ஏறின.

மூன்று வாரம் கழித்து அந்த அம்மா சொன்ன கணக்கு இது. செருப்புக் கடிப்பது நின்றது. கதவைச் சுரண்டுவது குறைந்தது. பகலில் இரண்டு மூன்று மணி நேரம் தூங்குகிறான். இரவு காட்டுமாடு வந்தால் குரைப்பது அப்படியேதான் இருக்கிறது. அது குறையாது, குறைய வேண்டியதும் இல்லை. இடிக்குப் பயந்து கட்டிலுக்கடியில் நடுங்குவதையும் இந்த விளையாட்டு மாற்றவில்லை. அவ்வளவு பயத்தில் இருக்கும் நாய் தீனியைத் திரும்பிப் பார்க்காது, அந்த நேரத்தில் வற்புறுத்தவும் கூடாது. ஒன்றுக்கு இரண்டுக்கு மழை விடும் இடைவெளியில் வெளியே கூட்டிப்போகத்தான் வேண்டும். வந்ததும் கால் விரலிடுக்கில் அட்டை ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துத் துடைத்துவிடுங்கள்.

"வீட்டுக்காரர் என்னம்மா சொல்றார்?" என்று கேட்டேன். "அவர்தான் சார் இப்ப ஒளிச்சு வைக்கிறார். நேத்து எங்க வச்சோம்னு அவருக்கே மறந்துபோச்சு, மணிதான் எடுத்தான்" என்றார்.